அத்தியாயம் 7: லேபிளில் ஒரு சொல், கோப்பில் ஒரு தாள்

ஈரோடு பக்கம் சிறிய மரச்செக்கு ஆலை நடத்தும் ஒருவர், தன் நல்லெண்ணெய் பாட்டிலுக்கு இப்படி ஒரு வாசகம் எழுதி அச்சகத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"100% ஆர்கானிக்! சுத்தமான, இயற்கையான மரச்செக்கு நல்லெண்ணெய். ரசாயனம் அறவே இல்லாதது. இதயத்துக்கு நல்லது."

கடைகளில் இதுபோல நிறையப் பார்த்துவிட்டதால் இதில் தவறொன்றும் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால், நம் ஆலைக்காரரிடம் காட்ட எதுவுமில்லை. எள் விற்ற விவசாயியின் சான்றிதழ் நகல் ஒன்று இருக்கிறது. அது போதும் என்று அவர் நினைக்கிறார். அது ஏன் போதாது, எது போதும், போதாதபோது வாசகத்தை எப்படி மாற்றுவது என்பதே இந்த அத்தியாயம்.

மூன்று வகைச் சொற்கள்

லேபிளில் வரும் சொற்களை ஆதாரத்தின் அடிப்படையில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, சான்றிதழ் கேட்கும் சொற்கள். "ஆர்கானிக்", "அங்கக", "ஜெய்விக்" எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு வெளியார் ஒருவர் சோதித்துக் கொடுத்த சான்று வேண்டும். உங்கள் நேர்மையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

இரண்டாம் வகை, சட்டம் நிபந்தனை விதித்திருக்கும் சொற்கள். "இயற்கையான", "சுத்தமான", "ஃப்ரெஷ்", "பாரம்பரிய" போன்றவை. இவற்றுக்குத் தனிச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. ஆனால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகள், 2018, எப்போது இவற்றைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கின்றன. அந்த நிபந்தனை உங்கள் பொருளுக்குப் பொருந்துகிறது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

மூன்றாம் வகை, நீங்கள் செய்ததைச் சொல்லும் சொற்கள். "மரச்செக்கில் ஆட்டியது", "துணியில் வடிகட்டியது", "ரீஃபைன் செய்யாதது". இவற்றுக்கு ஆதாரம் உங்கள் ஆலையும் பதிவேடும்தான்.

இந்த மூன்றிலும் அடங்காத சொல்லை எந்தத் தாளும் காப்பாற்றாது. அதை எடுத்துவிடுவதே வழி.

"ஆர்கானிக்": சான்று யாருக்கு, எதற்கு?

இந்தியாவில் ஒரு உணவுப் பொருளை ஆர்கானிக் என்று விற்பதற்கான விதிகள் 2017-ல் வந்தன. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. இரண்டு சான்று முறைகளை அவை ஏற்கின்றன. ஒன்று, அபீடா நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். என்பிஓபி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனம் நேரில் வந்து ஆய்வு செய்து சான்று தரும். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்த முறையில் சான்றளிக்கிறது. இன்னொன்று பிஜிஎஸ்-இந்தியா. அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. செலவு குறைவு, ஆனால் உள்நாட்டு விற்பனைக்குத்தான் செல்லும்.

இந்த இரண்டில் ஒன்று கையில் இருந்தால்தான் "ஜெய்விக் பாரத்" முத்திரையைப் பொட்டலத்தில் போடலாம். ஒரு விலக்கு உண்டு. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு விவசாயி, தன் விளைச்சலைத் தானே நேரடியாக உண்பவர் கையில் விற்றால் சான்று கட்டாயமில்லை. அப்போதும் முத்திரை போடக் கூடாது. அதே விளைச்சல் ஒரு கடைக்காரர் கைக்குப் போய் அங்கிருந்து விற்பனையானால் விலக்கு அதோடு முடிந்தது. இந்த விலக்கைக் கடைக்காரர்கள் தங்களுக்கும் உண்டென்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது நம் ஆலைக்காரரிடம் வருவோம். அவரிடம் இருக்கும் விவசாயியின் சான்றிதழைப் படித்துப் பாருங்கள். அதில் விவசாயியின் பெயர், நிலத்தின் விவரம், பயிர்களின் பெயர், செல்லுபடியாகும் காலம் ஆகியவை இருக்கும். எள் என்ற பயிருக்கும் அந்த நிலத்துக்கும் அது பேசுகிறது. எண்ணெய்க்கும் ஈரோட்டுச் செக்குக்கும் அது ஒன்றும் சொல்லவில்லை. விவசாயியின் வாசலோடு அந்தச் சான்று நின்றுவிடுகிறது. எள்ளை வாங்கி, இருப்பு வைத்து, ஆட்டி, பாட்டிலில் அடைக்கும் ஆலைக்கும் பதப்படுத்துவோர் என்ற வகையில் தனிச் சான்று வேண்டும். ஒரே செக்கில் காலையில் சாதாரண எள்ளும் மாலையில் சான்று பெற்ற எள்ளும் ஆட்டினால் இரண்டும் கலந்துவிடும். செக்கைக் கழுவித் துடைத்தார்களா, மூட்டைகளைத் தனியே அடுக்கினார்களா என்று ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். ஆலைச் சான்று அதற்குத்தான்.

"சான்று பெற்ற எள்ளில் இருந்து தயாரித்தது என்று போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். சொல்லைத் திருப்பிப் போட்டாலும் படிப்பவர் புரிந்துகொள்வது ஒன்றுதான்: இது ஆர்கானிக் எண்ணெய். சங்கிலியில் உங்கள் கண்ணி விட்டுப்போயிருக்கும்போது அந்த வாசகமும் நிற்காது. "இயற்கை விவசாயத்தில் விளைந்த" என்பதும் அப்படியே. நம் ஊரில் அதை ஆர்கானிக் என்றே எடுத்துக்கொள்வார்கள். நம்மாழ்வார் படத்தைப் போட்டு "அவர் வழியில்" என்று எழுதுவதும் சான்றாகாது.

ஆக ஆலைக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு. தன் ஆலைக்குச் சான்று வாங்கலாம். ஏற்கெனவே சான்று பெற்ற ஆலையில் கூலிக்கு ஆட்டி, அங்கேயே அடைத்து வாங்கலாம். இரண்டும் முடியாதென்றால், அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தன் எண்ணெயின் உண்மையான சிறப்பை மூன்றாம் வகைச் சொற்களில் சொல்லலாம்.

இன்னொரு இடம் சறுக்கும். விவசாயி ரசாயனத்தை நிறுத்தியதும் அவர் நிலம் ஆர்கானிக் ஆகிவிடாது. என்பிஓபி கணக்கில் ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டுகளும், தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலம் உண்டு. பிஜிஎஸ் முறையில் இந்தக் காலத்து விளைச்சலுக்கு "பிஜிஎஸ்-இந்தியா கிரீன்" முத்திரை. மாற்றம் முடிந்த பிறகே "பிஜிஎஸ்-இந்தியா ஆர்கானிக்". இரண்டு முத்திரைகளும் பார்க்க நெருக்கமாக இருப்பதால், கிரீன் சான்று காட்டிய எள்ளை ஆர்கானிக் என்று வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. சான்றிதழில் எந்த நிலை எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

சான்றும் அளவும் ஒத்துப்போக வேண்டும்

ஆலைக்குச் சான்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனி எல்லாப் பாட்டிலிலும் ஆர்கானிக் என்று போடலாமா? முடியாது. என்பிஓபி முறையில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பரிவர்த்தனைச் சான்று என்று ஒன்று உண்டு. விற்றவர், வாங்கியவர், பொருள், லாட் எண், எடை எல்லாம் அதில் இருக்கும். அபீடாவின் ட்ரேஸ்நெட் என்ற இணைய முறையில் இந்தக் கணக்கு ஓடுகிறது.

சான்றோடு 1,000 கிலோ எள் வந்திருக்கிறது. மரச்செக்கில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் பிடிக்கும். அப்படியானால் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 400 லிட்டர். விற்பனைப் பதிவேட்டில் அந்த லாட் எண்ணோடு 650 லிட்டர் போயிருந்தால், மீதி 250 லிட்டர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஆய்வுக்கு வருபவர் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். எள்ளின் தரத்தைப் பொறுத்துப் பத்து இருபது லிட்டர் கூடக் குறைய வரலாம். ஆலையில் ஆட்டிய நாளின் எள் எடை, எண்ணெய் அளவு, புண்ணாக்கு எடை மூன்றையும் எழுதி வைத்திருந்தால் அந்த வித்தியாசத்தை விளக்கிவிடலாம். எழுதாதவருக்கு அதுவும் முடியாது.

பொடி வகை: சதவீதம் பார்த்துச் சொல்

ஒரே பொருளாக இருக்கும் எண்ணெயில் கேள்வி எளிது. பல பொருள் கலந்த உணவில் எவ்வளவு பங்கு ஆர்கானிக் என்பது வாசகத்தையே மாற்றிவிடும். என்பிஓபி விதியில் உப்பையும் சேர்த்த தண்ணீரையும் கணக்கில் இருந்து தள்ளிவிட்டு மீதியில் சதவீதம் பார்க்க வேண்டும். 95 சதவீதமும் அதற்கு மேலும் சான்று பெற்றதாக இருந்தால் பொருளையே ஆர்கானிக் எனலாம். 70-க்கு மேல் 95-க்குள் என்றால் பொருளின் பெயரில் அந்தச் சொல் வராது. "ஆர்கானிக் பொருட்கள் சேர்த்துத் தயாரித்தது" என்று பங்கைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். 70-க்கும் கீழே போனால் சேர்பொருள் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்கு நேராகக் குறிப்பதோடு சரி.

பத்து கிலோ இட்லிப் பொடியில் போட்டுப் பார்ப்போம். உளுந்து 4 கிலோ, கடலைப்பருப்பு 2.5, எள் 1.5, மிளகாய் வற்றல் 1.2, பெருங்காயம் 0.2, உப்பு 0.6. உப்பைத் தள்ளினால் 9.4 கிலோ. உளுந்து, கடலைப்பருப்பு, எள் மூன்றுக்கும் சான்று இருக்கிறது. மொத்தம் 8 கிலோ. 8-ஐ 9.4-ஆல் வகுத்தால் 85 சதவீதம். ஆகவே "ஆர்கானிக் இட்லிப் பொடி" என்று பெயர் வைக்க முடியாது. "இட்லிப் பொடி – 85% ஆர்கானிக் பொருட்கள் சேர்த்தது" என்பதே அதிகபட்சம்.

இங்கே தடையாக இருப்பது மிளகாய் ஒன்றுதான். சான்று பெற்ற மிளகாய் வாங்கினால் ஆர்கானிக் பங்கு 9.2 கிலோ ஆகிவிடும். 9.4-ல் அது கிட்டத்தட்ட 98 சதவீதம். இப்போது பெயரிலேயே அந்தச் சொல்லைப் போடலாம். ஆனால் மீதி இரண்டு சதவீதத்தில் நினைத்ததைச் சேர்க்க உரிமை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பெருங்காயம் எது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சான்று நிறுவனம் கேட்கும். அது ஒப்புக்கொண்ட பிறகே லேபிள் அச்சாக வேண்டும். பாதி சான்று மிளகாய், பாதி சந்தை மிளகாய் என்று ஒரே பொருளில் இரண்டையும் கலப்பதும் கூடாது. இந்தப் பொடியை அரைக்கும் இடத்துக்கும் சான்று வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

"இயற்கையான", "சுத்தமான"

இந்தச் சொற்களுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதால் துணிந்து போட்டுவிடுகிறார்கள். 2018 விதிமுறைகளின் நிபந்தனை கறாரானது. "இயற்கையான" என்ற சொல் ஒற்றை உணவுக்கு உரியது: செடி, விலங்கு, தாது போன்ற இயற்கை மூலத்தில் இருந்து வந்து, எதுவும் சேர்க்கப்படாமல், உண்ணத்தக்கதாக ஆக்கத் தேவையான அளவே பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பல பொருள் கலந்த உணவை "இயற்கையான" என்று அழைக்க முடியாது. அதன் ஒவ்வொரு சேர்பொருளும் இந்த நிபந்தனைக்குள் வந்தால் "இயற்கைப் பொருட்களால் ஆனது" எனலாம். "சுத்தமான" என்பதும் ஒற்றைப் பொருளுக்கே. அதிலும் எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது, தவிர்க்கக்கூடிய மாசும் இருக்கக் கூடாது.

நல்லெண்ணெய் ஆட்டியவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று உறுத்த வேண்டும். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவது நம் பழக்கம். புண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிய அது உதவுகிறது. பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. இருந்தாலும் ஆட்டும்போது ஒரு பொருள் சேர்ந்தது உண்மை. "எதுவும் சேர்க்காத சுத்தமான" என்று முகப்பில் போட்டுவிட்டு, அதே ஆலையின் காணொளியில் கருப்பட்டியைப் பெருமையாகக் காட்டினால் உங்கள் வாசகத்தை நீங்களே மறுக்கிறீர்கள். "கருப்பட்டி சேர்த்து மரச்செக்கில் ஆட்டியது" என்பது உண்மை. வாங்குபவருக்கும் பிடித்த செய்தி. ஆர்கானிக் சான்று வாங்கிய ஆலையானால் அந்தக் கருப்பட்டியும் சான்று நிறுவனத்துக்குத் தெரிந்ததாக, அது ஏற்றதாக இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் பெயரிலேயே "இயற்கை", "சுத்தம்", "ஃப்ரெஷ்" இருந்தால் என்ன செய்வது? அந்தப் பெயர் பொருளின் தன்மை பற்றித் தவறான எண்ணம் தருமானால், அது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல என்ற குறிப்பை 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டும். பெயரில் "ஆர்கானிக்" இருந்தால் இந்தக் குறிப்பை நம்பித் தப்ப நினைக்காதீர்கள். கடையில் உள்ள நாற்பது பொருட்களில் மூன்றுக்கு மட்டும் சான்று இருக்கும்போது பெயர்ப்பலகையில் அந்தச் சொல் தொங்கினால், மீதி முப்பத்தேழுக்கும் அது சாட்சி சொல்கிறது.

எடுத்துவிட வேண்டியவை

"100%" என்பதை முதலில் எடுங்கள். அந்தக் குறிக்கு விதிகளில் வரையறை இல்லை, மக்களைத் தவறாக எண்ணவைக்கும் என்று சொல்லி, உணவு லேபிள்களிலும் விளம்பரங்களிலும் அதைத் தவிர்க்குமாறு 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. சான்று பெற்ற பொருளுக்கும் அது தேவையில்லை, முத்திரையே பேசும்.

"ரசாயனம் அறவே இல்லாதது" என்பதற்கு எந்த ஆய்வகமும் தாள் தராது. ஆய்வகம் செய்வது, குறிப்பிட்ட பூச்சிமருந்துகளின் பட்டியலை வைத்து ஒரு மாதிரியைச் சோதிப்பது. "அளவிடக்கூடிய வரம்புக்குக் கீழே" என்று அறிக்கை வந்தால், கருவி அளக்கக்கூடிய அளவுக்கு இல்லை என்று பொருள். பூஜ்யம் என்று பொருள் அல்ல. அந்த அறிக்கை அந்த லாட்டுக்கு மட்டுமே உரியது. ஆகவே சொல்ல விரும்பினால் இப்படிச் சொல்லுங்கள்: "இந்த லாட், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பூச்சிமருந்து எச்சத்துக்காகச் சோதிக்கப்பட்டது. அறிக்கை கேட்டால் தரப்படும்." ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா, அந்தச் சோதனை அதன் அங்கீகார வரம்புக்குள் வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள். இந்த அறிக்கையைக் கொண்டு ஆர்கானிக் என்று நிரூபிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்கானிக் என்பது விளைவித்த முறைக்குக் கிடைக்கும் பெயர்; எச்சம் இல்லாத எண்ணெய் சாதாரண எள்ளிலிருந்தும் வரலாம்.

"இதயத்துக்கு நல்லது" என்பது உடல்நல உரிமைகோரல். அதற்கு வேண்டியது அறிவியல் ஆதாரம். ஆர்கானிக் சான்று அங்கே உதவாது. சிறு ஆலை இந்த வாசகத்தை விடுவதே நல்லது.

திருத்திய வாசகம்

ஆலைக்குச் சான்று இல்லாதபோது:

"மரச்செக்கு நல்லெண்ணெய். கருப்பட்டி சேர்த்து மரச்செக்கில் ஆட்டி, துணியில் வடிகட்டியது. ரீஃபைன் செய்யாதது."

சான்று வந்த பிறகு:

"ஆர்கானிக் மரச்செக்கு நல்லெண்ணெய். கருப்பட்டி சேர்த்து ஆட்டியது. ரீஃபைன் செய்யாதது." இதோடு ஜெய்விக் பாரத் முத்திரை, சான்று முறையின் முத்திரை, சான்று எண், லாட் எண், 14 இலக்க உணவு உரிம எண்.

பாட்டிலில் போட்ட இதே வாசகம்தான் இணையக் கடையிலும் வாட்ஸ்அப் விளம்பரத்திலும் வர வேண்டும். லேபிளில் அடக்கமாக எழுதிவிட்டு, வாட்ஸ்அப்பில் "சுத்த ஆர்கானிக்" என்று போடுவது பயனற்றது. விளம்பரமும் சட்டத்தின் பார்வையில் உரிமைகோரல்தான்.

அச்சுக்குப் போகும் முன்

ஒரு வெள்ளைத்தாளில் லேபிளின் ஒவ்வொரு சொல்லையும் ஒரு வரியாக எழுதுங்கள். நேராக, அதற்குரிய தாளைக் குறியுங்கள்:

– "ஆர்கானிக்": உங்கள் ஆலையின் சான்று (பொருளின் பெயர் அதில் இருக்கிறதா?), எள்ளின் பரிவர்த்தனைச் சான்று, ஆட்டிய நாளின் பதிவு.
– "மரச்செக்கு", "ரீஃபைன் செய்யாதது": ஆலையின் படம், இயந்திர ரசீது, உற்பத்திப் பதிவேடு.
– "சோதிக்கப்பட்டது": அந்த லாட் எண் கொண்ட ஆய்வக அறிக்கை.

சான்றுகள் முடியும் தேதியைத் தனியே எழுதி, இரண்டு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்க நினைவூட்டல் வையுங்கள். சான்று காலாவதியான பிறகு ஆட்டிய எண்ணெய்க்குப் பழைய லேபிளை ஒட்டக் கூடாது. ஆகவே லேபிளை ஆண்டுக் கணக்கில் மொத்தமாக அச்சடித்து வைக்காதீர்கள். வேறு ஊர் விவசாயியிடம் எள் வாங்கத் தொடங்கும்போதும், பொடியின் சேர்மானத்தை மாற்றும்போதும் இந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். வாசகம் பெரும்பாலும் பொய்யாவது எழுதும் நாளில் அல்ல, பொருள் மாறிய நாளில்.

தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, அபராதம் விதிக்கிறது. நேராகத் தாள் இல்லாத சொல்லை அடித்துவிட்டு மீதியை மட்டும் அச்சகத்துக்கு அனுப்புங்கள்.